அனிலினில் நைட்ரோ ஏன் மெட்டாவுக்கும் போகிறது?

அமினோ தொகுதி (-NH₂) ஆர்த்தோ, பாரா இடங்களுக்கே வழிகாட்டும் என்று படிக்கிறோம். ஆனால் அனிலினை நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்தால், விளைபொருளில் சுமார் 47 சதவீதம் மெட்டா. ஏன்?

நைட்ரோனியம் அயனி (NO₂⁺) வளையத்தின் ஆர்த்தோ அல்லது பாரா கார்பனில் இணையும்போது உருவாகும் நேர்மின்சுமை, அமினோ தொகுதி அமர்ந்த கார்பனுக்கும் பரவுகிறது. நைட்ரஜன் தன் தனித்த எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்து அதைத் தாங்குகிறது. மெட்டாவில் இணைந்தால் அந்தச் சுமை அக்கார்பனை எட்டுவதில்லை, உதவியும் இல்லை.

ஆனால் நைட்ரோ ஏற்றக் கலவையில் அடர் கந்தக அமிலம் இருக்கிறது. அனிலின் அதிலிருந்து புரோட்டானை ஏற்று அனிலினியம் அயனியாகிறது. -NH₃⁺ தொகுதியிடம் கொடுக்க எலக்ட்ரான் இரட்டை இல்லை. அதுவே நேர்மின்சுமை உடையது. பக்கத்தில் இன்னொரு நேர்மின்சுமை வருவதை அது தாங்காது. எனவே வினை மெதுவாகி, மெட்டாவுக்குத் திரும்புகிறது. புரோட்டான் ஏற்காத சிறு பங்கு அனிலின் மிக வேகமாக வினைபுரிவதால் பாராவும் கிடைக்கிறது.

தீர்வு, முதலில் அசிட்டிக் நீரிலியால் அனிலினை அசிட்டனிலைடாக மாற்றுவது. அதன் நைட்ரஜன் எளிதில் புரோட்டானை ஏற்காது. நைட்ரோ பெரும்பாலும் பாராவில் அமரும். பிறகு நீராற்பகுத்தால் பாரா-நைட்ரோஅனிலின் கிடைக்கும்.