முதல் 4,000 அடிகள்

கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாதிரியை அறிமுகம் செய்தார்கள். இன்றைய பெரிய மொழி மாதிரிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. அதன் அடிப்படை வடிவத்தில் சுமார் 6.5 கோடி எண்கள் உண்டு. பயிற்சி என்பது அந்த எண்களை 1,00,000 முறை திருத்துவதுதான்.

ஒவ்வொரு முறையும் ஒரு தொகுதி வாக்கியங்களைக் கொடுத்துப் பிழையை அளக்கிறார்கள். எந்த எண்ணைக் கூட்டினால், எதைக் குறைத்தால் பிழை குறையும் என்று கணக்கு சொல்லிவிடும். எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதை முடிவு செய்யும் அளவுக்குத்தான் லேர்னிங் ரேட் என்று பெயர்.

அந்த ஆய்வாளர்கள் இந்த அளவை நிலையாக வைக்கவில்லை. முதல் அடியில் அது 0.0000002-ஐக்கூட எட்டவில்லை. பிறகு சீராக உயர்ந்து, 4,000-ஆவது அடியில் 0.0007 ஆனது. இந்த ஏற்றம்தான் வார்ம் அப். அதன்பின் இறக்கம்: 16,000-ஆவது அடியில் உச்சத்தில் பாதி, கடைசி அடியில் ஐந்தில் ஒரு பங்கு.

தொடக்கத்தில் ஏன் இத்தனை தயக்கம்? அவர்கள் பயன்படுத்திய ஆடம் என்ற திருத்தும் முறை, ஒவ்வொரு எண்ணுக்கும் இதுவரை வந்த திருத்தங்களின் பருமனை நினைவில் வைத்து, புதிய திருத்தத்தை அதனால் வகுக்கும். முதல் அடியில் பழைய கணக்கு ஏதும் இல்லை. திருத்தம் தன்னையே தன்னால் வகுத்துக்கொள்ள, விடை ஒன்று. பெரிய திருத்தம் தேவைப்பட்ட எண்ணும், துளி திருத்தம் போதுமான எண்ணும் ஒரே அளவு நகர்ந்துவிடும். அப்போது அளவு 0.0007 ஆக இருந்தால், ஒரே ஒரு தொகுதியை நம்பி 6.5 கோடி எண்களும் முழு வீச்சில் இடம் மாறும். பிழை எகிறும், அல்லது உயரத்திலேயே சிக்கிக்கொள்ளும். அளவு சிறிதாக இருந்தால், நம்பகமான கணக்கு சேரும்வரை சேதம் நேராது.

இறக்கத்துக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு தொகுதியும் சற்று வேறான திசையைக் காட்டும். பிழை அதிகமாக இருக்கும்போது இந்த வேறுபாடு பெரிதல்ல. குறைந்தபட்சப் பிழையை நெருங்கியபின், பெரிய அடிகள் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போகும். பிழையின் வரைபடம் சமதளமாகிவிடும். அளவைக் குறைத்ததும் வரைபடம் மீண்டும் இறங்கினால், காரணம் இதுதான். ஆனால் சீக்கிரமே குறைத்துவிட்டால் மாதிரி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

4,000 என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. மாதிரியின் உள்ளே சமன்படுத்தும் அடுக்கை இடம் மாற்றி வைத்தால் வார்ம் அப் இல்லாமலே பயிற்சி தரலாம் என்று 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பிறர் அட்டவணையை அப்படியே எடுக்காமல், வரைபடத்தைப் பாருங்கள். தொடக்கத்திலேயே பிழை எகிறினால் வார்ம் அப்பை நீட்டுங்கள் அல்லது உச்சத்தைக் குறையுங்கள். கடைசியில் சமதளமானால் இறக்கத்தைக் கூட்டுங்கள்.