விரிவுரையாளர் வேலைக்கு ஒரு கடிதம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில், கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. மொத்தம் 100. அதில் முனைவர் பட்டத்துக்கு 25. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 6. மூன்று கட்டுரைக்கு மேல் எத்தனை போட்டிருந்தாலும் அட்டவணையில் கூடுதலாக எதுவும் கிடைக்காது. அந்த மொத்த மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று வடிகட்டத்தான். வேலை யாருக்கு என்பது நேர்காணலில் முடிவாகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே நாம் அமைத்துக்கொள்ள உதவுவது, விண்ணப்பத்தோடு வைக்கும் இரண்டு பக்கக் கடிதம்.

தாவரவியலில் முனைவர் பட்டம் முடித்த ஒருவர், இளங்கலை மட்டுமே உள்ள கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கற்பித்தல் பற்றி அவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “மாணவரை மையமாகக் கொண்ட புதுமையான கற்பித்தல் முறைகளைப் பின்பற்றுவேன்.” இதை வணிகவியல்காரரும் எழுதலாம், இயற்பியல்காரரும் எழுதலாம். இதிலிருந்து கேட்க ஒரு கேள்வியும் பிறக்காது.

அதற்குப் பதில் ஒரே ஒரு வகுப்பைச் சொல்லட்டும். முதலாண்டு மாணவர்கள் கல்லூரி வாசலில் இருக்கும் புங்க மரத்தின் இலையைப் பறித்து வருகிறார்கள். இலையின் அடிப்பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிசாகத் தடவிக் காயவிட்டு, ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால் இலைத்துளைகளின் அச்சு அப்படியே வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெருக்கிப் பார்க்கிறார்கள். பார்வை வட்டத்தின் குறுக்களவு 0.45 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர மில்லிமீட்டர். வட்டத்துக்குள் 24 துளைகள் எண்ணினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 150. பக்கத்து மேசைக்காரருக்கு வேறு எண் வரும். ஏன் என்று பேசும்போதுதான் பாடம் தொடங்குகிறது: வெயிலில் வளர்ந்த இலையில் துளைகள் நெருக்கமாகவும், நிழலில் வளர்ந்ததில் அகலமாகப் பரவியும் இருக்கும். இந்த ஒரு பத்தியைப் படித்தாலே இவர் வகுப்பில் எப்படி நிற்பார் என்று துறைத் தலைவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டுரைகள் விஷயத்தில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். மானியக் குழு தான் பராமரித்து வந்த ‘கேர்’ ஆய்விதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. இதழின் தரத்துக்கு இனி விண்ணப்பிப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச் சான்று அல்ல. அது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டு, ஒரு திருத்தமும் கேட்காமல் பணம் மட்டும் கேட்ட இதழ் என்றால், அந்தக் கட்டுரையைக் கடிதத்தில் முன்னிறுத்தாமல் இருப்பதே நல்லது. ‘வெளியானது’, ‘ஏற்கப்பட்டது’, ‘பரிசீலனையில்’ மூன்றையும் ஒரே வரிசையில் கலந்து எழுதுவது ஆபத்து. நேர்காணலில் ஒருவர் டி.ஓ.ஐ. எண்ணைத் தட்டிப் பார்த்தால் போதும், மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும். என் கருத்தில், பட்டியல் தனித்தாளில் இருக்கட்டும்; கடிதத்தில் ஒரு கட்டுரையை மட்டும் எடுத்து, என்ன கேள்வி கேட்டோம், என்ன கண்டோம், பலர் பெயர் இருந்தால் அதில் தன் கை எது என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம்.

ஆய்வுத் திட்டத்தில்தான் நல்ல விண்ணப்பங்களும் சறுக்குகின்றன. பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய எலக்ட்ரான் நுண்ணோக்கியை நம்பி எழுதிய திட்டத்தை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். இளங்கலைக் கல்லூரியில் அந்தக் கருவி இருக்காது. வாரம் முழுக்க வகுப்பும் இருக்கும். நம் விண்ணப்பதாரர் அந்த நகப்பூச்சு அச்சையே ஆய்வாக்கலாம். சாலையோரப் புங்க மரங்களுக்கும் வளாகத்தின் உள்ளே நிற்கும் மரங்களுக்கும் இலைத்துளை அடர்த்தியில் வேறுபாடு உண்டா? முதலாண்டு வாசல் மரங்களில் தொடங்கி அளவிடும் முறையைச் சீராக்குவது, இரண்டாமாண்டு ஊரின் சில சாலைகளுக்கு விரிப்பது, மூன்றாமாண்டு எழுதி அனுப்புவது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: சாலையோர மரம் திறந்த வெயிலில் நிற்கும், உள் மரம் கட்டடத்தின் நிழலில் நிற்கும். அப்போது தெரியும் வேறுபாடு புகையாலா, வெயிலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒரே உயரத்தில், ஒரே திசையில், நேர் வெயில் படும் கிளைகளிலிருந்து மட்டும் முற்றிய இலைகளை எடுப்பேன் என்று அவர் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். இன்னும் ஒரு வரி மட்டும் மீதம்: கல்லூரியிடமிருந்து வேண்டியது, ஏற்கெனவே ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணோக்கியும், வாரத்தில் ஒரு பிற்பகலும், இறுதியாண்டு மாணவர் இருவரும்.