வாய் ஏற்காத மருந்து

காய்ச்சலில் துவளும் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாரசிட்டமால் சிரப்பைப் புகட்டுகிறோம். பத்து நிமிடத்தில் அது வாந்தியாகிவிடுகிறது. மறுபடி புகட்டினாலும் அதே கதைதான். இத்தகைய வேளையில் மருத்துவர், ஆசனவாய் வழியே வைக்கும் ‘சப்போசிட்டரி’யை எழுதித் தருவதுண்டு.

சிறு தோட்டா வடிவிலுள்ள இது, கொழுப்பில் மருந்தைக் கலந்து வார்த்ததாகும். அக்கொழுப்பு ஏறத்தாழ 34 முதல் 36 டிகிரி செல்சியஸில் உருகும். உடலின் வெப்பமோ 37 டிகிரி. ஆகவே உள்ளே சென்றதும் அது உருகுகிறது. மருந்தை மலக்குடலின் இரத்தக் குழாய்கள் ஏற்றுக்கொள்கின்றன. மலச்சிக்கலுக்கு நம் பாட்டிமார் வைத்த வெற்றிலைக் காம்பு மலத்தை வெளியேற்றுவதற்கு. இதுவோ உள்ளே தங்குவதற்கு. மேலும், இது காய்ச்சலைத் தணிக்குமேயன்றி வாந்தியை நிறுத்தாது. உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

அளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கம். நம் குழந்தையின் எடை 12 கிலோ எனில் 180 வருகிறது. கடையில் கிடைக்கும் 170 மில்லிகிராம் போதும். வாய்வழி கொடுத்ததையும் கணக்கிற் சேர்த்து, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக, நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேற்படலாகாது. சிரப் வாந்தியாகிவிட்டதெனில், எவ்வளவு உள்ளே தங்கியது என்பது நமக்குத் தெரியாது. உடனே வைக்கலாமா என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

கைகளைக் கழுவுங்கள். குழந்தையை இடப்பக்கமாகக் கிடத்தி, முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்குங்கள். உறையைப் பிரித்து மருந்தைத் தண்ணீரில் நனைத்து, கூர்முனை முன்னாக மெல்லச் செலுத்துங்கள். வாயிலிலுள்ள இறுக்கும் தசையை அது கடக்கவேண்டும். கடவாவிடில் வழுக்கித் திரும்பிவிடும். பின்னர்ப் பிட்டங்களைச் சில நிமிடங்கள் சேர்த்துப் பிடியுங்கள். உடனே முழுதாக வெளிவந்தால் மீண்டும் வைக்கலாம். சற்று நேரங்கழித்து, பாதி உருகி வந்தால் இன்னொன்று வைக்காதீர்கள். அதிலும் எவ்வளவு உள்ளே சென்றதென அறிய இயலாது. வயிற்றுப்போக்கு இருந்தாலும் இம்மருந்து தங்காது.

இனி நமது கோடை. சித்திரை வெயிலில் அலமாரிக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும்; மருந்து உறைக்குள்ளேயே உருகிவிடும். குளிர்ந்தபின் மீண்டும் கட்டியாகி நல்லதுபோல் தோன்றும். ஆயின், உருகியபோது மருந்துத் துகள்கள் ஒருபுறமாய்ப் படிந்திருக்கும், வடிவமும் கெட்டிருக்கும். அதனை எறிந்துவிடுங்கள். சற்றே மென்மையானதாயின், உறையோடு குளிர்ந்த நீரில் சில நிமிடம் இட்டால் இறுகும். 25 டிகிரிக்குக் கீழ் வைக்கவேண்டுமென்று உறையில் அச்சிட்டிருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டியில், உறைபனி அறைக்கு வெளியே வைக்கலாம். பெட்டியில்லாத வீட்டார், மூடியிறுகிய சிறு டப்பாவிலிட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானையில் நிழலில் வைக்கலாம். வறண்ட காற்றுள்ள ஊர்களில் பானை நன்கு குளிரும். புழுக்கமிகு கடற்கரையூர்களில் அவ்வளவாகக் குளிராது. அங்கே தேவைப்படும்போது ஓரிரண்டு மட்டும் வாங்குவதே நன்று.

வாந்தி பச்சை நிறமாகவோ இரத்தங் கலந்தோ வந்தாலும், குழந்தை எட்டு மணி நேரம் சிறுநீர் கழியாதிருந்தாலும், எழுப்பியும் கண் விழியாது மயங்கிக் கிடந்தாலும், சப்போசிட்டரியைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.