எழுத்துக்கு அடியில் இருக்கும் படம்

அறுபதாம் கல்யாணத்துப் படம் ஒன்று. அடியில் மங்கலான கறுப்புப் பட்டை போட்டு, அதன் மேல் வெள்ளை எழுத்தில் ‘மணிவிழா வாழ்த்துகள்’ என்று தட்டி ஊருக்கெல்லாம் அனுப்பியாயிற்று. சில வருஷம் கழித்து அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தேடினால், பழைய போனும் இல்லை, எழுத்தில்லாத படமும் இல்லை. எழுத்தும் படமும் ஒரே தாளாக ஒட்டிப்போன ஜேபெக் மட்டும் கையில் இருக்கிறது.

வேலையைத் தொடங்குமுன், அன்றைக்கு யாருக்காவது எழுத்து போடாத படத்தை அனுப்பியிருக்கிறோமா என்று பழைய வாட்ஸ்அப் உரையாடல்களில் ஒருமுறை தேடுங்கள். ஐபோனிலேயே எழுதியிருந்து அந்தப் படம் அதே போனில் இருந்தால், Edit போய் Revert தொட்டாலே பழைய படம் வந்துவிடும். இரண்டும் கைகொடுக்காவிட்டால்தான் கீழே சொல்வது.

இந்தப் படத்தில் பட்டை வேறு, எழுத்து வேறு. பட்டை கண்ணாடி மாதிரி. அதன் வழியே படம் இன்னும் தெரிகிறது. அதைக் கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். எழுத்து முழுசாக மூடிவிட்டது. அதற்கு அடியில் இருந்த புள்ளிகள் போனது போனதுதான். அங்கே பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுப்போடுவதைத் தவிர வழியில்லை.

கம்ப்யூட்டரில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளைத் திறந்துகொள்ளுங்கள். பட்டை எவ்வளவு கறுப்பு என்பது நினைவில் இல்லாவிட்டாலும் படமே சொல்லிவிடும். பட்டையின் மேல்விளிம்பு வெறும் சுவரைக் கடக்கும் ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். Color Picker-ஐ விளிம்புக்குச் சற்று மேலே வைத்தால் சுவரின் அளவு 200 என்று காட்டுகிறது. சற்றுக் கீழே, பட்டைக்குள், 120. (அளவு 0 முதல் 255 வரை காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.) இருநூறில் 0.6 பங்கு மிஞ்சியிருக்கிறது, அதாவது போட்டது 40 சதவீதக் கறுப்பு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் இதே விகிதம் வந்தால் பட்டை சுத்தக் கறுப்பு என்று அர்த்தம். விகிதம் மாறினால் அதில் வேறு நிறம் கலந்திருக்கிறது. அப்போது ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கணக்கு கிடைத்ததும் பட்டையை உடனே வெளுக்கத் தோன்றும். பொறுங்கள். பட்டைக்குள் படத்தின் எந்தப் புள்ளியும் 153-ஐத் தாண்ட முடியாது, ஏனென்றால் 255-இல் 0.6 பங்கு அவ்வளவுதான். அதைத் தாண்டி நிற்பது எழுத்து மட்டுமே. எழுத்தைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது. வெளுத்துவிட்டால் வேட்டியின் வெள்ளையும் எழுத்தின் வெள்ளையும் ஒன்றாகிவிடும். ஆகவே முதலில் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்குள் வெள்ளை எழுத்தைத் தேர்ந்தெடுத்து, Save to Channel மூலம் சேமித்து வையுங்கள்.

இனி பட்டை முழுவதையும் மறுபடி தேர்ந்தெடுத்து Levels திறந்து, உள்ளீட்டின் வெள்ளை முனையில் 255 இருக்கும் இடத்தில் 153 போடுங்கள். 120 மறுபடி 200 ஆகும். பட்டையை நீக்கினதே தெரியாது என்று சொல்ல மாட்டேன். சுருங்கிப்போன அளவுகளை இழுத்து விரிக்கிறோம், அதோடு ஜேபெக்கின் புள்ளிப் பிசிறும் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது. வழவழப்பான சுவரில் திட்டுத்திட்டாக வரிகள் தெரியும். பட்டுப்புடவை, மாலை, கோலம் போன்ற நெருக்கமான இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. பட்டையின் விளிம்பில் மெல்லிய கோடு ஒன்றும் மிஞ்சும்.

கடைசியாக எழுத்து. சேமித்த தேர்வை எடுத்து, Grow கொடுத்து மூன்று நான்கு புள்ளி அகலப்படுத்துங்கள். இது கட்டாயம். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால், எழுத்தின் சாயல் அதன் ஓரத்தைத் தாண்டியும் கசிந்திருக்கும். அகலப்படுத்தாமல் ஒட்டுப்போட்டால் எழுத்து போன பிறகும் அதன் வடிவம் பேய் மாதிரி நிற்கும். தேர்வுக்குள் Heal கருவியால், கன்ட்ரோலை அழுத்திப் பக்கத்துச் சுவரைத் தொட்டு, சின்னத் தூரிகையால் நிரப்புங்கள். Heal சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து பூசும். சுவருக்கும் தரைக்கும் அது போதும். புடவைக் கரை மாதிரி கோடு ஓடும் இடத்தில் அது மழுங்கடித்துவிடும். அங்கே Clone எடுத்து, அதே கரையில் சற்றுத் தள்ளி ஜரிகை அதே போல் வரும் இடத்தைப் பார்த்து, கோட்டோடு கோடு பொருத்தி ஒட்ட வேண்டும். பட்டை விளிம்பில் மிஞ்சிய கோட்டையும் இதே கையோடு துடைத்துவிடலாம்.

எழுத்து முகத்தின் மேல் விழுந்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். கன்னத்தை ஒட்டி மூக்கைச் செய்தால் அது அப்பாவின் மூக்காக இருக்காது. அன்று அதே இடத்தில் எடுத்த வேறு படம் சொந்தக்காரர்கள் யாரிடமாவது இருக்கும். கேட்டு வாங்கி, அதைச் சட்டம் போடுங்கள்.