சமையல் கலைப் பயிற்சி: கட்டணம் செலுத்துவதா, ஊதியம் பெறுவதா?

வெளிநாட்டில் சமையல் கலைஞராக விரும்பும் இந்திய இளைஞர்களுக்கு இரு வழிகள் உள்ளன. ஸ்விட்சர்லாந்தின் தனியார் விடுதி மேலாண்மைக் கல்லூரிகள் பலவற்றில் பட்டப்படிப்புச் செலவு ஒரு லட்சம் பிராங்கைத் தாண்டுகிறது. ஜெர்மனியின் ‘ஆஸ்பில்டுங்’ எனப்படும் தொழில் பழகுநர் பயிற்சியிலோ, பயில்பவருக்கு உணவகமே மாதந்தோறும் ஊதியம் வழங்குகிறது.

சமையலருக்கான இப்பயிற்சி 3 ஆண்டுகள் கொண்டது. உணவகச் சமையலறையில் வேலையும், அரசுத் தொழிற்பள்ளியில் வகுப்பும் இணைந்து நடைபெறும். 2025-இல் சேர்ந்தவருக்கான சட்டப்படியான குறைந்தபட்ச மாத ஊதியம் முதல் ஆண்டில் 682 யூரோ, இரண்டாம் ஆண்டில் 805, மூன்றாம் ஆண்டில் 921. பிடித்தங்களுக்கு முன் 3 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 28,900 யூரோ கிடைக்கும்.

எனினும், முதலாண்டு ஊதியம் பெருநகர வாடகைக்கும் உணவுக்கும் போதாமல் போகலாம். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டப் பணம் இருப்பதை விசா பெறும்போதே காட்ட வேண்டும். வகுப்பும் தேர்வும் ஜெர்மன் மொழியில் நடப்பதால், பொதுவாக பி1 நிலைத் தேர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது. தகுதிகாண் காலமான முதல் 4 மாதங்கள் வரை, எத்தரப்பும் முன்னறிவிப்பின்றி விலகலாம்.

முகவர்களை நம்பி ஏமாறாமல் இருக்க ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். உணவகத்தின் பெயரும் மாத ஊதியமும் அதில் இருக்க வேண்டும். உள்ளூர்த் தொழில் வர்த்தக சபையிலும் அது பதிவாக வேண்டும். கல்விக் கட்டணம் மட்டும் குறிப்பிடும் கடிதம் பழகுநர் ஒப்பந்தம் ஆகாது.

சபையின் இறுதித் தேர்வில் வென்றவர், தகுதிக்கேற்ற வேலையில் 2 ஆண்டுகள் பணியாற்றிய பின், பிற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறலாம்.