அட்டையில் ஒரு விலாசம், கடையில் ஒரு விலாசம்

கண்டி நகரச் சந்தையிலும், கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை போன்ற சுற்றுப்புறக் கடைத்தெருக்களிலும் இன்று பலர் கையில் காசின்றியே சாமான் வாங்க வருகின்றனர். கடையில் ஒட்டியிருக்கும் கட்டமிட்ட அட்டையைக் கைத்தொலைபேசியால் படம்பிடித்து, தமது வங்கிக் கணக்கிலிருந்து கடைக்காரரின் கணக்கிற்குப் பணத்தை அனுப்புகின்றனர். இதற்கான பொது முறைக்கு லங்கா கியூஆர் என்று பெயர். இலங்கை மத்திய வங்கி இதற்கான விதிகளை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒரே அட்டை போதும். வாங்குபவர் எந்த வங்கியின் வாடிக்கையாளராக இருந்தாலும், அவ்வங்கி இம்முறையில் சேர்ந்திருந்தால் பணம் வந்து சேரும்.

இந்த அட்டையைப் பெறுவதற்குக் கடைக்காரர் ஒரு வங்கியில் வணிகராகப் பதிவு செய்து, பணம் வந்து சேரும் கணக்கொன்றையும் வைத்திருக்க வேண்டும். மண்ணை இழந்து இடம்பெயர்ந்து, சிறு கடை வைத்துப் பிழைக்கும் நம் குடும்பங்கள் பல தடைப்படுவது இந்த இடத்தில்தான். காரணம் பணம் அல்ல, பத்திரம். எந்தப் பத்திரம் முதலில் பார்க்கப்படுகிறது, எதற்காகப் பார்க்கப்படுகிறது என்பதை அறிந்து சென்றால் வீண் அலைச்சல் குறையும்.

முதலில் ஆள், பிறகு கடை

வங்கி உத்தியோகத்தர் முதலில் கேட்பது கடையின் பத்திரத்தை அல்ல. உங்கள் தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியை. வாடிக்கையாளரை அறிந்துகொள்வது தொடர்பான 2016ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க விதிகளின்படி, கணக்குத் திறப்பவர் யார் என்பதை வங்கி கட்டாயம் உறுதிப்படுத்த வேண்டும். அடையாள அட்டை இல்லாவிடில், செல்லுபடியாகும் கடவுச்சீட்டையோ சாரதி அனுமதிப்பத்திரத்தையோ காட்டலாம்.

அட்டையில் அவர்கள் பார்ப்பவை படம், முழுப்பெயர், பிறந்த திகதி, இலக்கம் ஆகியவை. இவற்றுள் இலக்கமே பலருக்குத் தெரியாத ஒரு சாட்சி. அதன் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அடுத்த மூன்று இலக்கங்களில் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதும் உள்ளன. பெண்களுக்கு நாளோடு 500 கூட்டப்படும். 1975 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணுக்கு அது 32ஆவது நாள்; எனவே 532. புதிய பன்னிரண்டு இலக்க முறையில் அவரது இலக்கம் 1975532 என்று தொடங்கும். விண்ணப்பத்தில் அவர் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி ஜனவரி 2 என எழுதிவிட்டால், இலக்கம் அதை உடனே காட்டிக்கொடுக்கும். வீட்டிலேயே எண்ணிப் பார்க்க விரும்புவோர், எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கிட வேண்டும்.

அடையாள அட்டை மண்ணோடு போய்விட்டதா? முதலில் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி பெறுங்கள். அதைக்கொண்டு கிராம உத்தியோகத்தர் மூலம் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பழைய அட்டையின் நிழற்பிரதி மட்டும் இருந்தால் வங்கிக்கு அது போதாது. ஆனாலும் புதிய அட்டை பெற அந்த இலக்கம் உதவும், எறிந்துவிடாதீர்கள்.

இரண்டு விலாசம் குற்றமல்ல

விக்டோரியா நீர்த்தேக்கத்திற்காக 1980களில் தெல்தெனியா பக்கமிருந்து எழுந்தவர்கள் முதல், 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகளால் வீடிழந்தவர்கள் வரை, கண்டி மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் பலர். அட்டையில் இருப்பது ஒரு விலாசம், இருப்பது வேறோர் இடம் என்பதால் வங்கிக்குப் போகவே சிலர் அஞ்சுகின்றனர். அஞ்சத் தேவையில்லை. விதிகள் இதை முன்னமே எதிர்பார்த்திருக்கின்றன. அட்டையில் உள்ளது நிரந்தர விலாசமாக எழுதப்படும். இப்போது வசிக்கும் இடம் வேறானால், அதற்கு மட்டும் தனிச் சான்று வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உடுதும்பறையில் மரக்கறித் தோட்டம் செய்த தாய் ஒருவர், இப்போது மெனிக்கின்னவில் உறவினர் வீட்டின் முன்னறையில் மரக்கறிக் கடை நடத்துகிறார் என வைப்போம். வீட்டின் மின்சாரப் பட்டியலைக் கொண்டுபோகிறார். மூன்று மாதத்திற்கு உட்பட்ட மின்சார, நீர், அல்லது நிலையான தொலைபேசிப் பட்டியல் ஏற்கத்தக்க சான்றுதான். ஆனால் இப்பட்டியல் உறவினரின் பெயரில் இருக்கிறது. இன்னாரின் மேற்பார்த்து என்று விலாசம் எழுதினால், வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும் என்பது விதி. ஆகவே அவர் உறவினரிடம் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் வாங்க வேண்டும். அத்துடன் வதிவிடச் சான்றிதழும் எடுத்துச் செல்வது நல்லது.

அச்சான்றிதழை வழங்குபவர் உடுதும்பறைக் கிராம உத்தியோகத்தர் அல்ல. மெனிக்கின்னவில் இப்போது வசிக்கும் பிரிவின் கிராம உத்தியோகத்தர். பின்பு குண்டசாலைப் பிரதேச செயலகத்தில் அதற்கு மேலொப்பம் பெற வேண்டும். புதிய உத்தியோகத்தருக்கு உங்களைத் தெரியாதிருக்கலாம். பழைய பிரிவிலிருந்து, இன்ன காரணத்தால் இடம்பெயர்ந்தார் என்ற கடிதமொன்றைக் கொண்டுசென்றால் அவர் விசாரிப்பது எளிதாகும்.

கடையின் பெயர்

ஆளும் விலாசமும் சரியான பின்னரே கடையின் பத்திரம் வரும். வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகம் மூலம் செய்துகொள்ளலாம். தமது உண்மையான முழுப்பெயரில் மட்டும் வியாபாரம் செய்பவருக்குச் சட்டப்படி இப்பதிவு கட்டாயமில்லை. வேறு பெயர்ப் பலகை வைத்தால் கட்டாயம். எனினும் வணிகக் கணக்கிற்கு வங்கிகள் பெரும்பாலும் இதைக் கேட்கின்றன. மிகச் சிறிய கடைக்கு எது போதும் என்பதை இரண்டு மூன்று வங்கிகளில் விசாரித்துப் பாருங்கள்.

இங்கு தவறு நேர்வது எழுத்தில். தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி எழுதப்படும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் பதிவுச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தால் விண்ணப்பம் நின்றுவிடும். எனவே பதிவுப் படிவத்தை நிரப்பும்போது அட்டையை அருகில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஏற்கெனவே மாறியிருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் கொடுக்கும் சத்தியக் கடதாசியை ஏற்பார்களா என வங்கியிடம் கேளுங்கள்.

கையொப்பமிடுமுன்

மாதம் எவ்வளவு வியாபாரம் நடக்கும், பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லிவிட்டு, பின்னர் கணக்கில் நிறையப் பணம் வந்தால் மீண்டும் விளக்கம் கேட்கப்படும்.

நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, விற்பனையில் எத்தனை வீதம் கழிக்கப்படும்? நூற்றுக்கு ஒன்று என்றால் 250 ரூபா விற்பனையில் 2 ரூபா 50 சதம் போகும். மரக்கறியில் கிடைக்கும் இலாபத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றது, பணம் எப்போது கணக்கில் சேரும்? மறுநாள் காலை சந்தைக்குப் போகக் கையில் முதல் வேண்டுமே.

அட்டை கிடைத்த பின் ஒன்றை மறவாதீர்கள். வாங்குபவர் காட்டும் தொலைபேசித் திரை சான்றல்ல. பழைய படத்தையும் காட்டலாம். உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வந்த பின்னரே சாமானைக் கொடுங்கள். ஆதலால் வங்கியில் கொடுக்கும் தொலைபேசி இலக்கம், கடையில் நிற்பவரின் கையில் இருக்கும் இலக்கமாக இருக்கட்டும்.