மண்ணீரல் கிழிந்தால்: சி.டி. படத்தில் காயத்தின் தரம் கணிக்கப்படும் விதம்

மண்ணீரல் வயிற்றின் இடப்பக்க மேல்மூலையில், 9ஆம் விலா எலும்பு முதல் 11ஆம் விலா எலும்பு வரையிலான பகுதிக்கு உள்ளே இருக்கிறது. ரத்தம் நிறைந்த மென்மையான திசு அது. மெல்லிய உறை ஒன்று அதை மூடியிருக்கிறது. இருசக்கர வாகனத்திலிருந்து இடப்பக்கமாக விழுந்தாலோ, வண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்தினாலோ உறை கிழிந்து, உள்ளே இருக்கும் திசுவும் பிளக்கலாம். தோலில் வெறும் சிராய்ப்பு மட்டும் தெரிய, வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அடிபட்ட மண்ணீரலை அறுவை செய்து எடுத்துவிடுவதே வழக்கம். மண்ணீரல் இல்லாத குழந்தைகளைக் கடும் கிருமித்தொற்று தாக்குவதை 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதன் பிறகு, இயன்றவரை மண்ணீரலைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வலுத்தது. எதைக் காப்பாற்றலாம், எதை முடியாது என்று முடிவெடுக்கக் காயத்தை எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டியிருந்தது. அமெரிக்க விபத்துக்காய அறுவை மருத்துவர் சங்கம் 1989இல் அப்படியோர் அளவுகோலை வெளியிட்டது. 1994இலும் 2018இலும் திருத்தப்பட்ட அந்த அளவுகோல்தான் இன்று பெரும்பாலும் பயன்படுகிறது. அதில் காயம் 1 முதல் 5 வரை தரம் பிரிக்கப்படுகிறது. எண் கூடக் கூடக் காயமும் கடுமையாகிறது.

படம் எடுக்கும் நேரம்

ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகும் நோயாளியை சி.டி. அறைக்கு அனுப்பமாட்டார்கள். படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, வயிற்றில் ரத்தம் தெரிந்தால் நேராக அறுவை அரங்குக்குக் கொண்டுபோவார்கள். ஓரளவு நிலையாக இருப்பவருக்கே சி.டி. எடுக்கப்படும். அவருடைய கைச்சிரையில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து வேகமாகச் செலுத்தப்படும். அந்த மருந்து கலந்த ரத்தம் படத்தில் வெண்மையாகத் தெரியும்.

மருந்து ஏறிய ஏறக்குறைய 30 நொடியில் எடுப்பது தமனிக்கட்டப் படம். அப்போது மண்ணீரல் முழுவதும் ஒரே சீராக நிறைந்திருக்காது. வெண்மையும் கருமையும் வரிவரியாகக் கலந்து தெரியும். நலமாக இருக்கும் மண்ணீரலும் அப்படித்தான் தெரியும் என்பதால், இந்தப் படத்தை மட்டும் பார்த்துக் கிழிசல் என்று சொல்லிவிடக் கூடாது. ஏறக்குறைய 70 நொடியில் எடுப்பது சிரைக்கட்டப் படம். அதற்குள் உறுப்பு முழுவதும் ஒரே சாம்பல்வெண்மைக்கு வந்துவிடும். கிழிசல் இருந்தால் கரிய கோடாகத் துலங்கும். கிழிசலின் ஆழத்தை இந்தப் படத்தில்தான் அளக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடம் கழித்துத் தாமதக்கட்டப் படம் ஒன்றும் எடுத்தால், ரத்தம் இன்னும் கசிகிறதா என்பது தெரியவரும்.

ஆழம்

கிழிசல் என்பது உறையில் தொடங்கி உள்ளே போகும் கோடு. உறையிலிருந்து அதன் அடிமுனை வரை உள்ள தூரமே ஆழம். 1 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆழம் முதல் தரம். 1 முதல் 3 வரை இரண்டாம் தரம். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் மூன்றாம் தரம்.

இங்கேதான் ஒற்றை வெட்டுப்படம் ஏமாற்றும். உடலைக் குறுக்காக வெட்டியதுபோல் காட்டும் படத்தில், சரிவாக ஓடும் கிழிசலின் ஒரு துண்டு மட்டுமே அகப்படும். அதே கிழிசலை முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் திருத்தி அமைத்த படங்களில் பார்த்தால்தான் முழு ஆழமும் கிடைக்கும். அதனால், மூன்று திசைகளிலும் பார்த்து, கண்ட அதிகபட்ச ஆழத்தையே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

பரப்பு

எல்லாக் காயமும் உறையைக் கிழித்துவிடுவதில்லை. சில நேரம் உறை அப்படியே இருக்க, அதற்கடியில் ரத்தம் தேங்கி நிற்கும். அது பிறை வடிவில் இருந்து மண்ணீரலின் மேற்பரப்பை உள்நோக்கி அமுக்கும். உறைக்கு வெளியே சேரும் ரத்தம் உறுப்பைச் சூழ்ந்து நிற்குமே தவிர, இப்படி அமுக்குவது அரிது. இரண்டையும் பிரித்தறிய இந்த அமுக்கமே அடையாளம்.

உறைக்கடி ரத்தம் மேற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் முதல் தரம், 10 முதல் 50 வரை இரண்டாம் தரம், 50ஐத் தாண்டினால் மூன்றாம் தரம். திசுவுக்குள்ளேயே கட்டிய ரத்தக்கட்டு 5 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் இரண்டாம் தரம், அந்த அளவை எட்டினாலோ, கட்டு வெடித்திருந்தாலோ மூன்றாம் தரம். ஒரே மண்ணீரலில் பல காயங்கள் இருந்தால் ஒரு தரம் உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்த உயர்வு மூன்றாம் தரத்தோடு நின்றுவிடும்.

கிழிசல் உறுப்பின் வாயில் வரை போய் ரத்தக்குழாயை அறுத்துவிட்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் பகுதிக்கு ரத்தம் போகாது. படத்தில் அந்தப் பகுதி கான்ட்ராஸ்ட் ஏறாமல் கருமையாகவே கிடக்கும். இப்படி ரத்தம் இழந்த பகுதி உறுப்பில் 25 விழுக்காட்டைத் தாண்டினால் நான்காம் தரம். மண்ணீரல் முழுவதும் சிதறியிருந்தால் ஐந்தாம் தரம்.

குழாயின் காயம்

2018 திருத்தத்தின் முக்கியமான மாற்றம், ரத்தக்குழாயின் காயத்தையும் தரத்துக்குள் சேர்த்தது. கிழிசல் ஆழமற்றதாக இருந்தாலும், அதற்குள் குழாயின் சுவர் உடைந்து சிறு பையாக உப்பியிருக்கலாம். சூடோஅனியூரிசம் எனப்படும் இந்தப் பை நாள் கழித்து வெடிக்கக்கூடியது. தமனிக்கட்டப் படத்தில் இது உருண்டையான வெண்புள்ளியாகத் தெரியும்.

வெளியே கசியும் ரத்தமும் அதே வெண்மையில்தான் தெரியும் என்பதால், தாமதக்கட்டப் படம் தேவைப்படுகிறது. பெருந்தமனி மங்கும்போது புள்ளியும் சேர்ந்து மங்கினால், ரத்தம் பைக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். புள்ளி பெரிதானாலோ கூடுதல் வெண்மையானாலோ, ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. குழாய்க்காயம், அல்லது உறைக்குள் அடங்கிய கசிவு இருந்தால் நான்காம் தரம். கசிவு உறையைத் தாண்டி வயிற்றறைக்குள் பரவினால் ஐந்தாம் தரம்.

சுற்றியுள்ள ரத்தம்

வயிற்றுக்குள் எவ்வளவு ரத்தம் சேர்ந்திருக்கிறது என்பது இந்தத் தர எண்ணில் இடம்பெறுவதில்லை. அறிக்கையில் அதைத் தனியாகவே எழுத வேண்டும். ரத்தம் எங்கே எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை சி.டி. காட்டிவிடும். அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் அளக்கப்படுகிறது. அதில் தண்ணீருக்கு 0. உறையாத ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 45 வரையிலும், உறைந்த கட்டி 45 முதல் 70 வரையிலும் இருக்கும். ரத்தம் கசிந்த இடத்துக்குப் பக்கத்தில் முதலில் உறைகிறது. ஆகவே, வயிற்றில் பல இடங்களில் திரவம் தெரியும்போது, அடர்த்தி மிகுந்த கட்டி எந்த உறுப்பை ஒட்டியிருக்கிறதோ அதுவே காயம்பட்ட உறுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தசோகை உள்ளவரிடம் இந்த எண்கள் குறைந்து காட்டும். அவர் வயிற்றில் இருக்கும் ரத்தம் சாதாரண நீர்போலத் தோன்றிவிடக்கூடும்.

அளவை மதிப்பிட, ரத்தம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மண்ணீரலைச் சுற்றி மட்டும் இருந்தால் குறைவு. பெருங்குடலின் பக்கவாட்டுப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் நடுத்தரம். இடுப்புக்குழி வரை எட்டியிருந்தால் மிகுதி.

ஒரு நோயாளியின் படம்

விளக்கத்துக்காக, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 112/70, நாடித்துடிப்பு 104. இடப்பக்கத்தில் 9, 10ஆம் விலா எலும்புகள் விரிந்திருக்கின்றன. சிரைக்கட்டப் படத்தின் குறுக்குவெட்டில் கிழிசலின் ஆழம் 2.4 சென்டிமீட்டர், அதை மட்டும் பார்த்தால் இரண்டாம் தரம். முன்பின்னாக அமைத்த படத்தில் அதே கிழிசல் 3.6 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஆக மூன்றாம் தரம். உறைக்கடி ரத்தம் மேற்பரப்பில் 20 விழுக்காடு. அது தனியாக இரண்டாம் தரம்தான் என்பதால் முடிவு மாறவில்லை.

தமனிக்கட்டப் படத்தில், கிழிசலின் நடுவே 8 மில்லிமீட்டர் வெண்புள்ளி ஒன்று தெரிகிறது. 5 நிமிடம் கழித்து எடுத்த படத்தில் அது வளரவில்லை. பெருந்தமனியோடு சேர்ந்து மங்கிவிட்டது. அது சூடோஅனியூரிசம். அந்த ஒரு புள்ளியால் தரம் நான்காகிறது. மண்ணீரலை ஒட்டிய ரத்தத்தின் அடர்த்தி 62, இடுப்புக்குழியில் இருப்பதன் அடர்த்தி 38. கசிந்த இடம் மண்ணீரல்தான் என்பதும், வயிற்றுக்குள் சேர்ந்த ரத்தம் மிகுதி என்பதும் இதனால் தெளிவாகின்றன.

நோயாளி நிலையாக இருப்பதால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. தொடையிடுக்குத் தமனி வழியாகக் கேதீட்டரைச் செலுத்தி, காயமுள்ள கிளையைச் சிறு உலோகச் சுருளால் அடைக்கலாம். பிறகு தீவிரக் கண்காணிப்பில் வைத்து, ஹீமோகுளோபினை அடிக்கடி அளந்து, 2, 3 நாளில் இன்னொரு முறை சி.டி. எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

எங்கே தவறு நேரும்

பிறவியிலேயே மண்ணீரலில் சிறு பிளவுகள் இருப்பதுண்டு. அவற்றின் ஓரம் வழவழப்பாக இருக்கும், சில நேரம் உள்ளே கொழுப்பு தெரியும், சுற்றிலும் ரத்தம் இருக்காது. கிழிசலின் ஓரமோ ஒழுங்கற்றிருக்கும். சிலருக்குக் கல்லீரலின் இடப்புறம் நீண்டு மண்ணீரலை அணைத்தபடி கிடக்கும். அது உறைக்கடி ரத்தம் என்று தோன்றக்கூடும். நோயாளியின் கை உடலோடு ஒட்டியிருந்தால் எலும்பின் நிழற்கோடுகள் விழும். மூச்சு அசைவால் விளிம்பு இரட்டையாகத் தெரியும். சந்தேகம் வந்தால், அந்தக் கோடு வெவ்வேறு கட்டப் படங்களிலும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்மையான கிழிசல் எல்லாக் கட்டத்திலும் அங்கேயே இருக்கும்.

தர எண் காயத்தின் உருவத்தைச் சொல்கிறது. நோயாளியின் நிலையைச் சொல்வதில்லை. நான்காம் தரக் காயத்தோடு வந்தவர் அறுவையின்றி வீடு திரும்பலாம். இரண்டாம் தரக் காயம் உள்ளவரின் ரத்த அழுத்தம் திடீரென இறங்கவும் செய்யலாம். அதனால் நல்ல அறிக்கையில் ஆழம், பரப்பு, குழாய்க்காயம் ஆகியவற்றால் வரும் தரமும், ரத்தம் சேர்ந்திருக்கும் இடமும் அளவும் தனித்தனியே எழுதப்படுகின்றன. அறுவை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த அறிக்கையையும் நோயாளியின் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.